லாபம் கூடியது, பங்கு ஈவு குறைந்தது: ஒரு கூட்டுறவுச் சங்கத் தலைவரின் உரையை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பணியாளர்களுக்குக் கடன் வழங்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுப்பேரவையில், இந்த ஆண்டின் பங்கு ஈவு 9 சதவீதம் என்று தலைவர் அறிவித்தபோது அரங்கில் சலசலப்பு எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் 12 சதவீதம் கிடைத்திருந்தது. அதே மேடையில், சில நிமிடங்களுக்கு முன்புதான், சங்கத்தின் நிகர லாபம் 60 லட்சத்திலிருந்து 66 லட்சமாக உயர்ந்திருக்கிறது என்று ஆண்டறிக்கையை வாசித்தவர் சொல்லியிருந்தார். லாபம் கூடினால் ஈவு எப்படிக் குறையும் என்று உறுப்பினர்கள் கேட்பது இயல்பே. தலைவரின் உரை அந்தக் கேள்விக்குப் பாதி பதிலை நன்றாகவும், மீதியை அரைகுறையாகவும் தந்தது. சொல்லாமல் விட்ட அந்தப் பாதியே இந்த நிகழ்வில் கவனிக்கத்தக்கது என்பதால் இதை எழுதுகிறேன். சங்கத்தின் பெயர் இதற்குத் தேவையில்லை. தொகைகளை எளிதில் பின்தொடர முடியும்படி முழு எண்களாக்கி, எந்த நாணயம் என்று குறிக்காமல் விட்டிருக்கிறேன்.

உரையின் தொடக்கம் சம்பிரதாயமானது. "உறுப்பினர் பெருமக்களே, ஈவு குறைந்திருக்கிறது என்று வருந்த வேண்டாம், சென்ற ஆண்டு உங்களுக்கு மொத்தம் எவ்வளவு வழங்கினோமோ, அதே தொகையை இந்த ஆண்டும் வழங்குகிறோம்" என்றார் தலைவர். இது உண்மை. சென்ற ஆண்டு ஈவாக வழங்கப்பட்டது 36 லட்சம், இந்த ஆண்டு பரிந்துரைக்கப்பட்டதும் 36 லட்சம். மாறியது அந்தத் தொகை எத்தனை பங்குகள்மீது பரவுகிறது என்பதுதான். சென்ற ஆண்டு பங்கு மூலதனம் 300 லட்சமாக இருந்ததால் 36 லட்சம் 12 சதவீதமாயிற்று. இந்த ஆண்டு ஈவுக்குரிய பங்கு மூலதனம் 400 லட்சம் என்பதால் அதே தொகை 9 சதவீதமாக நிற்கிறது.

மூலதனம் ஏன் இவ்வளவு பெருகியது என்பதைத் தலைவர் தெளிவாகவே விளக்கினார். இச்சங்கத்தில் கடன் வாங்கும் உறுப்பினர், வாங்கும் கடனில் பத்தில் ஒரு பங்கைப் பங்குத்தொகையாக வைத்திருக்க வேண்டும். 2,00,000 கடன் பெறுபவர் கணக்கில் 20,000 பங்காக இருக்க வேண்டும். கடன் உச்சவரம்பு உயர்த்தப்பட்டதும் பழைய உறுப்பினர்கள் கூடுதல் கடன் பெற்றார்கள், புதியவர்களும் சேர்ந்தார்கள், ஒவ்வொரு கடனோடும் பங்குத்தொகையும் உள்ளே வந்தது. யாரும் முதலீட்டு நோக்கத்தோடு கொண்டுவந்து போட்ட பணமல்ல அது. கடனின் நிழல்போல் வந்து சேர்ந்தது. ஆனால் ஈவு கேட்கும்போது அதுவும் மற்றப் பங்குகளைப் போலவே வரிசையில் நிற்கிறது. புதிய கடனிலிருந்து வரும் வட்டி மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்வது. அதனோடு வந்த பங்கோ, சங்கத்துக்குள் நுழைந்த அடுத்த மாதத்திலிருந்தே ஈவுக்குத் தகுதி பெற்றுவிடுகிறது.

இங்கே ஓர் உறுப்பினர் எழுந்து கேட்ட கேள்வி, இத்தகைய கூட்டங்களில் ஏறக்குறைய ஆண்டுதோறும் கேட்கப்படுவது. கையில் இருந்த இருப்புநிலைக் குறிப்பைக் காட்டி, "இதில் பங்கு மூலதனம் 460 லட்சம் என்று போட்டிருக்கிறது. 36 லட்சத்தை அதனால் வகுத்தால் 7.8 சதவீதம்தான் வருகிறது. நீங்கள் 9 என்கிறீர்கள். எது சரி?" என்றார். தலைவர் ஒரு கணம் தடுமாறி, பக்கத்தில் இருந்த செயலாளரைப் பார்த்தார். இரண்டும் சரி என்பதுதான் பதில். இருப்புநிலைக் குறிப்பு ஆண்டின் கடைசி நாளில் இருக்கும் தொகையைக் காட்டுகிறது. ஈவோ பங்கு எத்தனை மாதங்கள் சங்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த 300 லட்சம் பன்னிரண்டு மாதங்களும் இருந்தது. முதல் மூன்று மாதங்கள் முடிந்ததும் வந்த 80 லட்சம் ஒன்பது மாதங்கள் மட்டும் இருந்ததால் 60 லட்சமாகக் கொள்ளப்படுகிறது. அரையாண்டு முடிந்ததும் வந்த மற்றொரு 80 லட்சம் ஆறு மாதங்களுக்கு 40 லட்சமாகிறது. மூன்றையும் கூட்டினால் ஈவுக்குரிய மூலதனம் 400 லட்சம்; இருப்பில் உள்ளதோ 460 லட்சம்.

தனி உறுப்பினருக்கும் இதே கணக்குதான். மூன்றாம் மாத முடிவில் 10,000 பங்கு சேர்த்தவர் 9 சதவீதத்துக்கு 900 வரும் என்று எதிர்பார்ப்பார். அவர் கணக்கில் வரவாவது 675. இந்த வேறுபாட்டைக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டால், கூட்டம் முடிந்த அடுத்த வாரம் அலுவலக மேசையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டி வரும். ஒரு சங்கம் ஈவை எந்த மூலதனத்தின்மீது கணக்கிடுகிறது என்று அறிய விரும்புபவர், வழங்கிய மொத்த ஈவை அறிவித்த சதவீதத்தால் வகுத்துப் பார்க்கலாம். கிடைக்கும் எண் ஆண்டு இறுதி மூலதனத்துக்கும் ஆண்டுத் தொடக்க மூலதனத்துக்கும் இடையில் விழுந்தால் மாதக் கணக்கு பின்பற்றப்படுகிறது என்று கொள்ளலாம்.

அடுத்துத் தலைவர் லாபப் பிரிவினைக்கு வந்தார். நிகர லாபம் முழுவதும் பிரித்துக் கொடுப்பதற்கு உரியதல்ல. இச்சங்கத்தின் துணை விதிப்படி நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கு காப்பு நிதிக்குப் போகிறது; கூட்டுறவுக் கல்வி, பொதுநலம் ஆகிய இரண்டுக்குமாக மேலும் 5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. இந்த 30 சதவீதத்தைத் தலைவரோ நிர்வாகக் குழுவோ பேரவையோ குறைக்க முடியாது. 66 லட்சத்தில் 16.5 லட்சமும் 3.3 லட்சமும் கழிந்தபின் மிஞ்சுவது 46.2 லட்சம். சென்ற ஆண்டு இவ்வாறு மிஞ்சியது 42 லட்சம். அதில் 36 லட்சம் ஈவாகவும் 6 லட்சம் பிற நிதிகளுக்கும் போயிற்று. இந்த விவரத்தைத் தலைவர் ஆண்டறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லி வாசித்தார். வாசித்த வேகத்தில் பெரும்பாலோர் ஒன்றைக் கவனிக்கவில்லை: 46.2 லட்சம் மிஞ்சியிருக்கும்போது 36 லட்சம்தான் ஈவாகப் போகிறது. மீதி 10.2 லட்சம். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உரையில் மிகுந்த கைதட்டல் பெற்ற பகுதி கடன் வட்டியைப் பற்றியது. ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லாக் கடன்களுக்கும் வட்டியை 12 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாகச் சங்கம் குறைத்திருந்தது. "20,000 பங்கு வைத்திருப்பவர் ஈவில் 600 இழக்கிறார், ஆனால் அவர் வாங்கிய 2,00,000 கடனுக்கு வட்டியில் 1,000 மிச்சப்படுத்தியிருக்கிறார். யாருக்கு நட்டம்?" என்று தலைவர் கேட்டார். வாதத்தின் போக்கு சரியானதே. கூட்டுறவில் மூலதனத்துக்குத் தரும் பலன் வரம்புக்கு உட்பட்டது. உபரி, சங்கத்தின் சேவையை யார் எவ்வளவு பயன்படுத்தினாரோ அந்த அளவில் திரும்பிச் செல்ல வேண்டும் என்பது 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், முன்னோடிகள் என்று அழைக்கப்படும் கூட்டுறவாளர்கள் கடை தொடங்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம். சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995-இல் வெளியிட்ட கூட்டுறவு அடையாள அறிக்கையின் மூன்றாவது கொள்கையும், உறுப்பினராவதற்காகச் செலுத்தும் மூலதனத்துக்கு, பலன் தருவதானால், பொதுவாக வரம்புக்கு உட்பட்ட பலனே தரப்படும் என்கிறது. கடைக்கூட்டுறவில் ஆண்டு இறுதியில் கொள்முதலுக்கேற்பத் திருப்பித் தருவதைக் கடன் சங்கம் ஆண்டின் தொடக்கத்திலேயே வட்டிக் குறைப்பாகத் தந்துவிடுகிறது. ஆகவே குறைந்த வட்டியும் ஒருவகையில் பங்கீடுதான். ஈவு என்ற பெயரில் வராத பங்கீடு.

ஆனால் தலைவரின் எண்ணில் ஒரு பிழை உண்டு. கடன் மாதத் தவணையாகத் திரும்பி வருவது. 2,00,000 நிலுவை ஆண்டு முழுவதும் அப்படியே நிற்பதில்லை. ஆண்டின் சராசரி நிலுவை 1,60,000 என்று கொண்டால் அரை சதவீதக் குறைப்பின் பயன் 800. அப்போதும் 600-ஐவிட அதிகம்தான் என்பதால் வாதம் விழுந்துவிடவில்லை. இருந்தும், 1,000 என்று மேடையில் சொன்னதைத் தன் கடன் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உறுப்பினர், அடுத்து வரும் எண்களையும் நம்பமாட்டார்.

இதைவிடப் பெரிய குறை வேறு. அந்தக் கேள்வியைப் பின்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். "தலைவர் அவர்களே, எனக்குக் கடனே இல்லை. பழைய கடனை எப்போதோ அடைத்துவிட்டேன். பங்கை மட்டும் எடுக்காமல் வைத்திருக்கிறேன். எனக்கு மிச்சமான அந்த 1,000 எங்கே?" அரங்கு சிரித்தது, தலைவரும் சிரித்தார், ஆனால் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. ஆண்டின் சராசரிக் கடன் நிலுவை 32 கோடி. அதில் அரை சதவீதம் 16 லட்சம். வட்டியைக் குறைக்காமல் விட்டிருந்தால் இந்த 16 லட்சமும் லாபத்தில் சேர்ந்திருக்கும். காப்பு நிதிக்கும் மற்றவற்றுக்கும் 30 சதவீதம் போக 11.2 லட்சம் பிரிப்பதற்குக் கிடைத்திருக்கும். 400 லட்சம் மூலதனத்துக்கு அது 2.8 சதவீதம். அதாவது ஈவு ஏறக்குறைய 11.8 சதவீதமாக இருந்திருக்கலாம். 12-க்கும் 9-க்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு நிகரான தொகை, பங்கு வைத்திருப்பவரிடமிருந்து கடன் வாங்கியவருக்குச் சென்றிருக்கிறது. கடனும் பங்கும் ஒரே கையில் உள்ளவருக்கு இது ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டது போலத்தான். பங்கு மட்டும் உள்ளவருக்கு அது வெறும் இழப்பு.

வட்டியைக் குறைத்ததால்தான் கடன் தேவை பெருகியது என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பழைய வட்டியே நீடித்திருந்தால் நிலுவை 32 கோடியை எட்டியிருக்காது, ஆகவே 16 லட்சமும் முழுதாக வந்திருக்காது. அதை ஏற்றுக்கொண்டாலும் மூத்த உறுப்பினரின் கேள்வி செல்லும். அவருக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது, "ஐயா, இந்த ஆண்டு கடன் வாங்கியவர்களுக்குச் சாதகமாக முடிவெடுத்தோம், அதன் செலவில் ஒரு பகுதி உங்கள் ஈவிலிருந்து வந்தது" என்பதே. கடனில்லாத உறுப்பினர்கள் அதிகமுள்ள சங்கத்தில் இந்த முடிவு பேரவையில் தோற்கவும்கூடும். அதனால்தான் அதை வெளிப்படையாகச் சொல்லத் தலைவர்கள் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி அந்த 10.2 லட்சம். தலைவரின் உரையில் இதற்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வாக்கியம்: "எதிர்கால நலன் கருதி 6 லட்சம் பங்கு ஈவு சமன் நிதிக்கும் 4.2 லட்சம் கட்டட நிதிக்கும் ஒதுக்கப்படுகிறது." எதிர்கால நலன் என்ற சொல் எந்த ஒதுக்கீட்டுக்கும் பொருந்தும் என்பதால் எதையும் விளக்குவதில்லை. முதலில் 7.8 கணக்கைக் கேட்ட அதே உறுப்பினர் மறுபடி எழுந்தார். 10.2 லட்சத்தை 400 லட்சத்தால் வகுத்துப் பார்த்திருந்தார் போலும். "இதையும் சேர்த்துப் பிரித்திருந்தால் ஈவு பதினொன்றரை சதவீதம். சட்டம் தடுக்கவில்லை, துணை விதி தடுக்கவில்லை. நீங்கள்தான் தடுத்திருக்கிறீர்கள். ஏன்?" என்றார். அன்றைய கூட்டத்தின் முதன்மையான கேள்வி இது. மூலதனம் பெருகியது நிகழ்ந்த ஒன்று; 30 சதவீத ஒதுக்கீடு விதி; இந்த 10.2 லட்சம் மட்டுமே நிர்வாகக் குழு தன் விருப்பத்தால் செய்தது. விருப்பத்தால் செய்ததற்குத்தான் தலைவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். அதைப் பற்றித்தான் அவர் மிகக் குறைவாகப் பேசினார்.

காரணம் இல்லாமலில்லை. அது தணிக்கை அறிக்கையில், எவரும் உரக்க வாசிக்காத ஒரு பத்தியில் இருந்தது. சங்கத்தின் அலுவலகம் முதலில் தயாரித்த கணக்கில் நிகர லாபம் 75 லட்சம். அதில் 9 லட்சம், வர வேண்டியது என்று எழுதப்பட்டு இன்னும் வராத வட்டி. தவணை தவறிய கடன்கள்மீது கணக்கிடப்பட்டது. தணிக்கையாளர் அதை லாபத்தில் சேர்க்கக்கூடாது என்று சொல்லி, முழுவதையும் வட்டி ஒதுக்கீட்டுக்கு மாற்றச் செய்தார். 66 லட்சம் அதன் பிறகு வந்த எண். அந்த 9 லட்சத்தைக் கழிக்காமல் விட்டிருந்தால் ஈவைச் சற்றேறக்குறைய ஒன்றரை சதவீதம் உயர்த்திக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஈவை வழங்குவதற்கான பணம் கடனாளிகளிடமிருந்து இன்னும் வந்திருக்காது. உறுப்பினர்களின் வைப்புத்தொகையிலிருந்தோ வங்கியில் வாங்கிய கடனிலிருந்தோதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். கடன் சங்கங்களில் ஈவு தவறான வழியில் உயர்வது பெரும்பாலும் இப்படித்தான். லாபமும் ஈவும் உயர்ந்துகொண்டே போக, வர வேண்டிய வட்டி என்ற தலைப்பு அவற்றைவிட வேகமாக வீங்குகிறதா என்று இரண்டு மூன்று ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த 9 லட்சத்துக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 11.5 சதவீத வட்டியில் ஓராண்டு முழுவதும் வட்டி வராமல் 9 லட்சம் சேர்ந்திருக்கிறது என்றால், அதன் பின்னால் நிற்கும் அசல் ஏறக்குறைய 78 லட்சம். தவணை தவறிய கடன் எவ்வளவு என்று தலைவர் மேடையில் சொல்லவில்லை. ஆனால் வட்டியைச் சொல்லிவிட்டால் அசலை மறைக்க முடியாது. இந்த ஆண்டு தணிக்கையாளர் வட்டியை மட்டும் கழித்தார். அடுத்த ஆண்டும் இக்கடன்கள் வசூலாகாமல் நின்றால், அசலில் ஒரு பகுதிக்கும் வாராக்கடன் ஒதுக்கீடு செய்ய வேண்டி வரும். அசலில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 8 லட்சம், அவ்வாறு ஒதுக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். லாபம் மற்றபடி இந்த ஆண்டைப் போலவே இருந்தாலும் 66 லட்சம் 58 லட்சமாகும். 30 சதவீதம் போக மிஞ்சுவது 40.6 லட்சம்.

இதை மூலதனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு ஆறு மாதமும் ஒன்பது மாதமும் மட்டுமே கணக்கில் வந்த புதிய பங்குகள் அடுத்த ஆண்டு பன்னிரண்டு மாதங்களும் கணக்கில் வரும். ஒரு புதிய பங்குகூடச் சேராவிட்டாலும் ஈவுக்குரிய மூலதனம் 400-லிருந்து 460 லட்சமாகிவிடும். அதற்கு 9 சதவீத ஈவு வழங்க 41.4 லட்சம் வேண்டும், இருக்கப்போவது 40.6 லட்சம். இந்த ஆண்டு பதினொன்றரை சதவீதம் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு 9-க்கும் கீழே இறங்க நேர்ந்தால் பேரவையில் எழும் கூச்சல் இன்றையதைப் போல் மூன்று மடங்கு இருக்கும். சமன் நிதியில் 6 லட்சம் இருந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பலாம். நிர்வாகக் குழு இந்தக் கணக்கைத் தன் கூட்டத்தில் போட்டுப் பார்த்திருந்தது என்று பின்னர் தெரிய வந்தது. ஆகவே பிழை முடிவில் இல்லை. முடிவுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் 78 லட்சத்தைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லத் தலைவருக்கு மனமில்லை.

புதிய பங்கோடு புதிய கடனும் முழு ஆண்டு வட்டி தருமே, அதனால் லாபமும் கூடுமே என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் அந்தக் கடனுக்குப் பெரும்பகுதி வைப்புத்தொகையிலிருந்தும் வெளிக்கடனிலிருந்தும் பணம் வருகிறது. அவற்றுக்கு வட்டி கொடுத்தபின் சங்கத்தின் கையில் நிற்பது சிறு வித்தியாசம் மட்டுமே, அதிலிருந்து ஊழியர் சம்பளமும் அலுவலகச் செலவும் போக வேண்டும். இந்த ஆண்டே கடன் இவ்வளவு பெருகியும் லாபம் 6 லட்சம்தான் கூடியிருக்கிறது.

உறுப்பினரின் கேள்விக்குப் பிறகு தலைவர் எழுதி வைத்திருந்த தாளை ஓரமாக வைத்துவிட்டார். நல்லதாயிற்று. செயலாளரிடம் தணிக்கை அறிக்கையை வாங்கி, தவணை தவறிய கடன் பற்றிய பத்தியைத் தானே வாசித்தார். அவற்றில் பெரும்பாலானவை, ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்ய முடியாத நிலைக்குப் போன சில உறுப்பினர்களின் பெரிய கடன்கள் என்றும், பிணையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். ஊதியப் பிடித்தத்தை நம்பிக் கடன் கொடுக்கும் சங்கத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பிடித்தம் நடக்கும்வரை வசூலுக்கு எந்த முயற்சியும் தேவைப்படுவதில்லை, ஒருவர் பணியைவிட்டு விலகினாலோ நீண்ட விடுப்பில் போனாலோ அன்றே எல்லாமும் நின்றுபோகிறது. அரங்கில் அந்தப் பெயர்களைக் கேட்டுக் குரல் எழுந்தது. தலைவர் சொல்ல மறுத்தார். மறுத்ததும் சரியே, ஏனெனில் நடவடிக்கை முடியும்வரை அது அவர்களுடைய கணக்கு.

வாக்கெடுப்புக்கு முன் இன்னொரு சிக்கல் வந்தது. சிலர் ஈவைப் பத்து சதவீதமாக உயர்த்தித் தீர்மானம் நிறைவேற்றலாம் என்றார்கள். கட்டட நிதிக்குப் போகும் 4.2 லட்சத்தை ஈவில் சேர்த்தால் 400 லட்சத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே வரும், ஆகவே எண் பொருந்தியது. ஆனால் இச்சங்கத்தின் துணை விதிப்படி, நிர்வாகக் குழு பரிந்துரைத்த ஈவைப் பேரவை குறைக்கலாமே தவிரக் கூட்டக்கூடாது. பல சங்கங்களில் இத்தகைய விதி இருக்கிறது. வாங்குபவர்களே கூடியிருந்து தங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை உயர்த்திக்கொள்வதைத் தடுப்பதற்கானது அது. உறுப்பினர்களுக்கு இது கசந்தது. பேரவை சங்கத்தின் உச்ச அதிகார அமைப்பு என்று சொல்லிவிட்டு, ஈவில் மட்டும் அதன் கையைக் கட்டிவைப்பது முரண் என்று ஒருவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. ஆயினும் நிதி ஒதுக்கீட்டின் தலைப்பை மாற்றப் பேரவைக்கு உரிமை இருந்தது. கட்டடத்துக்கு இப்போது எந்தத் திட்டமும் இல்லை என்பதைத் தலைவரே ஒப்புக்கொண்டதால், அந்த 4.2 லட்சமும் சமன் நிதிக்கு மாற்றப்பட்டு, அந்நிதியில் மொத்தம் 10.2 லட்சம் சேரும் என்று திருத்தத்தோடு 9 சதவீதம் நிறைவேறியது. மூத்த உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

கூட்டம் கலையும் நேரத்தில் யாரோ, மறுபடி 12 சதவீதம் எப்போது வரும் என்று கேட்டார்கள். "லாபம் நன்றாக வந்தால்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தலைவர் செயலாளரின் கணிப்பானை வாங்கித் தட்டிப் பார்த்தார். 460 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் 55.2 லட்சம். அது 70 சதவீதம் என்றால் முழு லாபம் கிட்டத்தட்ட 79 லட்சம் இருக்க வேண்டும். "இப்போது 66. இன்னும் 13 லட்சம் கூட வேண்டும், ஒரு புதிய பங்கும் சேரக்கூடாது, அந்த 78 லட்சமும் திரும்பி வர வேண்டும்" என்றார். கேட்டவர் தலையாட்டிவிட்டு, உச்சவரம்பு உயர்ந்த பிறகு தான் கொடுத்திருந்த கூடுதல் கடன் விண்ணப்பம் என்னவாயிற்று என்று விசாரித்தார்.